மார்ச்சில் விற்ற யூனிட்டுகள், ஏப்ரலில் வந்த பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் 28, 2025 வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்கு ஒரு ஈக்விட்டி ஃபண்டில் 750 யூனிட் விற்றேன். அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, 76 ரூபாய். 57,000 ரூபாய் வரும் என்று நினைத்திருந்தேன். ஏப்ரல் 3ஆம் தேதி வங்கியில் 56,923.43 ரூபாய்தான் விழுந்தது. மீதி எங்கே?

குறைந்தது 76 ரூபாய் 57 காசு. இதில் 76 ரூபாய் எக்ஸிட் லோடு, அதாவது வெளியேறும் கட்டணம். 57 காசு பங்குப் பரிவர்த்தனை வரி. வேறு எதுவும் பிடிக்கப்படவில்லை. இந்தியாவில் வசிப்பவர் யூனிட் விற்றால் மூலதன ஆதாயத்துக்கென்று ஃபண்ட் நிறுவனம் முன்கூட்டி வரி பிடிப்பதில்லை. வெளிநாடுவாழ் இந்தியருக்குத்தான் பிடிப்பார்கள்.

இந்த ஒரே விற்பனையில் மூன்று தொகைகள் உண்டு: 57,000, 56,924, 56,923.43. முதலாவது யூனிட்டை என்ஏவியால் பெருக்கிய தொகை. இரண்டாவது, கட்டணம் கழித்தது. வருமான வரிக் கணக்குக்கு இதுவே வேண்டும். மூன்றாவது வங்கியில் வந்தது. அது வங்கிப் புத்தகத்தைச் சரிபார்க்க மட்டும் உதவும். பெரும்பாலானோர் மூன்றாவதை எடுத்துக்கொண்டு வரிக் கணக்குப் போட உட்கார்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சதவீதக் கட்டணம் என்றால் 57,000க்கு 570 ரூபாய் ஆகியிருக்க வேண்டுமே? 76 மட்டும் ஏன்?

உங்கள் 750 யூனிட்டும் ஒரே நாளில் வாங்கியவை அல்ல. நீங்கள் அனுப்பிய அறிக்கையின்படி ஜனவரி 10, 2023இல் 50 ரூபாய் வீதம் 400 யூனிட், பிப்ரவரி 12, 2024இல் 64 ரூபாய் வீதம் 250 யூனிட், ஜூலை 10, 2024இல் 80 ரூபாய் வீதம் 200 யூனிட் வாங்கியிருக்கிறீர்கள். மொத்தம் 850.

விற்கும்போது எந்த யூனிட் முதலில் போக வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் வந்தது முதலில் போகும். ஆகவே 2023இன் 400, 2024 பிப்ரவரியின் 250, அதன்பின் ஜூலையில் வாங்கியதில் 100 என்று 750 நிறைந்தது. மிச்சம் இருக்கும் 100 யூனிட்டும் ஜூலையில் வாங்கியவையே.

உங்கள் திட்டத்தில் ஓராண்டுக்குள் வெளியேறினால்தான் ஒரு சதவீதம். முதல் இரண்டு தொகுதிகளும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஜூலைத் தொகுதிக்கு மார்ச் 28 அன்று வயது 261 நாள். அதனால் அந்த 100 யூனிட்டின் விற்பனை மதிப்பான 7,600 ரூபாய்க்கு மட்டும் ஒரு சதவீதம், 76 ரூபாய்.

இந்த வரிசை ஒவ்வொரு ஃபோலியோவுக்கும், அதாவது ஃபண்ட் நிறுவனத்தில் உங்கள் பெயரில் இருக்கும் ஒவ்வொரு கணக்குக்கும், தனித்தனி. அதே திட்டத்தை வேறொரு ஃபோலியோவில் 2021 முதல் வைத்திருந்தாலும், இந்த ஃபோலியோவில் இருந்து விற்கும்போது அந்தப் பழைய யூனிட்டுகள் கணக்கில் வராது. டைரக்ட் பிளானும் ரெகுலர் பிளானும் அப்படியே, வேறு வேறு. இரண்டு ஃபோலியோ வைத்திருப்பவர் எதிலிருந்து விற்பது என்பதை முன்கூட்டி யோசித்தால் கட்டணத்தைத் தவிர்த்துவிடலாம். ‘எந்த யூனிட்’ என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு ஓரளவாவது கிடைப்பது அந்த ஒரு வழியில்தான்.

அந்த 100 யூனிட்டை 80க்கு வாங்கி 76க்கு விற்றிருக்கிறேன். நஷ்டத்தில் விற்றதற்கும் கட்டணமா?

ஆம். கட்டணம் லாபத்தின் மேல் அல்ல, விற்பனை மதிப்பின் மேல் விதிக்கப்படுகிறது. வாங்கிய விலையை அது பார்ப்பதே இல்லை. நாள்களை மட்டும் எண்ணுகிறது. உங்கள் 400 ரூபாய் நஷ்டம் அதனால் 476 ஆகியிருக்கிறது.

ஒரே ஆறுதல், இந்தப் பணம் ஃபண்ட் நிறுவனத்தின் பைக்குப் போவதில்லை. அதே திட்டத்தின் நிதியில் சேர்க்கப்படுகிறது. சீக்கிரம் வெளியேறுபவரால் உண்டாகும் செலவு, உள்ளே இருப்பவர்கள் தலையில் விழக் கூடாது என்பது ஏற்பாடு. உங்களிடம் இன்னும் 100 யூனிட் இருப்பதால், நீங்கள் கட்டிய 76 ரூபாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி உங்களுக்கே திரும்பியிருக்கிறது என்றும் சொல்லலாம்.

மாதாமாதம் எஸ்ஐபி கட்டுகிறேன். தொடங்கி மூன்று ஆண்டு ஆகிறது. எனக்கு இந்தக் கட்டணம் இருக்காது அல்லவா?

இருக்கும். எஸ்ஐபி தொடங்கிய தேதிக்கு இங்கே மதிப்பு இல்லை. ஒவ்வொரு மாதத் தவணையும் தனித் தொகுதி. அதன் ஓராண்டு அன்றுதான் தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஸ்ஐபியில் கடைசிப் பன்னிரண்டு தவணைகள் எப்போதும் கட்டணத்துக்குள்ளேயே இருக்கும். முழுவதும் விற்காமல், ஓராண்டு தாண்டிய யூனிட்டுகளின் எண்ணிக்கை வரை மட்டும் விற்றால் கட்டணம் வராது.

திட்டத்துக்குத் திட்டம் விதி மாறும். சிலவற்றில் ஓராண்டுக்குள்ளும் 10 சதவீத யூனிட்டுகளைக் கட்டணமின்றி எடுக்கலாம். சிலவற்றில் எல்லை ஓராண்டு அல்ல, சில மாதமோ சில நாளோதான். ஒரு தவணைக்குப் பொருந்தும் விதி, அதை வாங்கிய நாளில் நடப்பில் இருந்த விதி. பிறகு நிறுவனம் விதியை மாற்றினால் அது புதிய யூனிட்டுகளுக்கே.

அந்த 57 காசு?

ஈக்விட்டி சார்ந்த ஃபண்டின் யூனிட்டை ஃபண்டுக்கே திருப்பி விற்கும்போது 0.001 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி. லட்சத்துக்கு ஒரு ரூபாய். கணக்கு அறிக்கையில் `*** STT Paid ***` என்று ஒரு வரி தெரிகிறதே, அது இதுதான். தொகை சிறிதென்றாலும் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: மூலதன ஆதாயம் கணக்கிடும்போது இதைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. வரிக் கணக்குக்கு 56,924 என்றும் வங்கிக்கு 56,923.43 என்றும் நான் பிரித்துச் சொன்னது இதனால்தான்.

விற்ற அன்று செயலியில் வேறு ஒரு தொகை காட்டியது. பிறகு மாறிவிட்டது. ஏன்?

பகல் 12 மணிக்கு நீங்கள் பார்த்தது முந்தைய நாள் என்ஏவியில் போட்ட மதிப்பீடு. ஃபண்டின் அன்றைய என்ஏவி, சந்தை முடிந்து இரவில்தான் வெளியாகும். வேலை நாளில் பிற்பகல் 3 மணிக்குள் விண்ணப்பம் பதிவானால் அன்றைய என்ஏவி. தாண்டினால் அடுத்த வேலை நாளின் என்ஏவி. நீங்கள் பொத்தானை அழுத்திய நேரம் போதாது. ஃபண்ட் நிறுவனத்திடமோ அதன் கணக்கை வைத்திருக்கும் பதிவாளரிடமோ நேர முத்திரை விழுந்த நேரமே செல்லும். 2:55க்கு இடைத்தரகர் செயலியில் விற்றுவிட்டு மறுநாள் விலையைப் பார்த்துச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பல இடைத்தரகர்கள் தங்கள் வசதிக்காக 3 மணிக்கு முன்பே கதவை அடைத்துவிடுகிறார்கள். அது அவர்களின் நிபந்தனையில் எழுதியிருக்கும்.

உங்கள் விஷயத்தில் இந்த 3 மணிக்குப் பெரிய விலை இருந்தது. மார்ச் 28 பிற்பகல் 3:05 ஆகியிருந்தால் விற்பனை அடுத்த நிதியாண்டுக்கே போயிருக்கும். சனி, ஞாயிறு, அதன்பின் மார்ச் 31 திங்கள் ரம்ஜான் விடுமுறை. அந்த நிதியாண்டில் அதற்குமேல் வேலை நாளே இல்லை.

பணம் வர ஆறு நாள் ஆனது. இது தாமதமா?

இல்லை. ஃபண்ட், உங்களுக்குத் தருவதற்காகப் பங்குகளை விற்றால், அந்தப் பணம் பங்குச் சந்தையில் இருந்து அடுத்த வேலை நாளில் அதன் கைக்கு வரும். இந்தியப் பங்குச் சந்தை முழுவதும் 2023 ஜனவரி இறுதியில் இந்த ஒருநாள் தீர்வுக்கு மாறியது. அதையொட்டி 2023 பிப்ரவரி 1 முதல் ஈக்விட்டி ஃபண்டுகள் விற்பனை நாளில் இருந்து இரண்டாவது வேலை நாளில் பணம் தருகின்றன. சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வைத்திருக்கும் உச்ச வரம்பு மூன்று வேலை நாள். பெரும்பகுதியை வெளிநாட்டில் முதலீடு செய்யும் ஃபண்டுகளுக்கு ஐந்து.

எண்ணிப் பாருங்கள். மார்ச் 28 வெள்ளி, விற்பனை நாள். 29, 30 வார இறுதி. 31 ரம்ஜான். ஏப்ரல் 1 வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். பங்குச் சந்தையில் வியாபாரம் நடந்தாலும் பணம் நகராது. ஏப்ரல் 2 முதல் வேலை நாள், ஏப்ரல் 3 இரண்டாவது. உங்கள் பணம் சரியாக அன்று வந்திருக்கிறது. நாள்காட்டியில் ஆறு, வேலை நாளில் இரண்டு.

விற்றது மார்ச்சில், பணம் வந்தது ஏப்ரலில். எந்த ஆண்டு வரிக் கணக்கில் காட்டுவது?

2024-25 நிதியாண்டில். அதாவது விற்ற ஆண்டில்.

மூலதன ஆதாயம், சொத்து கைமாறிய ஆண்டின் வருமானம். பணம் கைக்கு வந்த ஆண்டின் வருமானம் அல்ல. மார்ச் 28 என்ஏவியில் உங்கள் யூனிட்டுகள் ரத்தாகிவிட்டன. அன்று இரவில் இருந்து அந்த 750 யூனிட்டின் ஏற்ற இறக்கம் உங்களைச் சேராது. ஏப்ரல் முதல் வாரத்தில் சந்தை விழுந்ததே, அந்த வீழ்ச்சி உங்களை மிச்சமிருந்த 100 யூனிட்டில் மட்டும் தொட்டது. இடைப்பட்ட நாள்களில் உங்களிடம் இருந்தது யூனிட் அல்ல. ஃபண்ட் தர வேண்டிய 56,923.43 ரூபாய்.

நானும் ஒருமுறை இதே தவறைச் செய்தேன். வங்கி அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை வரவுகளைத் தேடிக் கணக்கெழுதினேன். மார்ச் கடைசியில் விற்றது அந்த அறிக்கையில் இல்லை, விட்டுப்போயிற்று. அதே அறிக்கையில் ஏப்ரல் 2இல் வந்திருந்த முந்தைய ஆண்டு விற்பனையை இந்த ஆண்டில் சேர்த்திருந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் மொத்தத்தைப் பார்த்தபோது எதுவும் உறுத்தவில்லை. வருமான வரித் தளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தேதி தேதியாக ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. அன்றிலிருந்து வரிக் கணக்கை வங்கி அறிக்கையில் இருந்து தொடங்குவதே இல்லை. பதிவாளரின் மூலதன ஆதாய அறிக்கையில் தொடங்கி, வங்கியைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் எடுக்கிறேன்.

சரி, என் ஆதாயம் எவ்வளவு? 56,924இல் இருந்து வாங்கிய விலையைக் கழித்தால் போதுமா?

மொத்தம் அப்படியே வரும்; ஆனால் தொகுதி தொகுதியாகப் பிரிக்காமல் வரி போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் இதுதான் கணக்கு:

```
ஆதாயம் = (யூனிட் × விற்பனை என்ஏவி) − எக்ஸிட் லோடு − (யூனிட் × வாங்கிய என்ஏவி)
```

2023 தொகுதி: 30,400இல் 20,000 போக 10,400 லாபம். 2024 பிப்ரவரி தொகுதி: 19,000இல் 16,000 போக 3,000 லாபம். இரண்டும் 12 மாதத்துக்கு மேல் கையில் இருந்தவை. ஆகவே நீண்டகால ஆதாயம், மொத்தம் 13,400. ஜூலைத் தொகுதி: 7,600இல் 76 கட்டணம் போக 7,524, அதில் 8,000 போக 476 நஷ்டம். இது குறுகியகாலம். நிகரம் 12,924. வாங்கிய மொத்தச் செலவு 44,000. 56,924இல் அதைக் கழித்தாலும் 12,924. இரு வழியிலும் ஒரே எண் வந்தால் தொகுதிகளைச் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள்.

வாங்கும்போது 0.005 சதவீத முத்திரைத் தீர்வை ஒன்று போயிருக்கும், 20,000க்கு ஒரு ரூபாய். கணக்கு எளிதாக இருக்க அதை இங்கே விட்டுவிட்டேன். இன்னொன்று, 2018 ஜனவரி 31 வரை வாங்கிய யூனிட்டுகள் என்றால் வாங்கிய விலையோடு அன்றைய மதிப்பையும் ஒப்பிடும் தனி விதி உண்டு. உங்களுடையது அதற்குப் பிந்தையது.

நீண்டகால ஆதாயத்தில் 1.25 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே. அப்படியென்றால் 476 நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகலாமா?

முடியாது, அதுதான் இதில் கசப்பான பகுதி. 2024 ஜூலை 23 முதல் விற்ற ஈக்விட்டி ஃபண்டுகளுக்கு நீண்டகால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதமும், குறுகியகால ஆதாயத்துக்கு 20 சதவீதமும் வரி. உங்கள் 13,400 எப்படியும் வரிக்கு வராது. ஆனால் அதே ஆண்டின் நஷ்டத்தை முதலில் அதே ஆண்டின் ஆதாயத்தோடு கழித்தே ஆக வேண்டும், 1.25 லட்ச விலக்கு அதற்குப் பிறகுதான் வரும். 13,400இல் 476 கரைந்து 12,924 ஆகிறது. வரியில்லாத லாபத்தை அழிப்பதற்கே உங்கள் நஷ்டம் செலவாகிவிட்டது.

இதோடு ஒரு படிவத் தொல்லையும் சேர்கிறது. இந்த 2024-25 ஆண்டுக்கான ஐடிஆர்-1 படிவத்தில் 1.25 லட்சம் வரையிலான ஈக்விட்டி நீண்டகால ஆதாயத்தைக் காட்ட இடம் கொடுத்தார்கள். குறுகியகாலக் கணக்கு ஒன்று இருந்தாலும் ஐடிஆர்-1 கூடாது, ஐடிஆர்-2 வேண்டும். நீங்கள் 750க்குப் பதில் 650 யூனிட் மட்டும் விற்றிருந்தால் எக்ஸிட் லோடும் இல்லை, நஷ்டமும் இல்லை. மற்ற வருமானங்கள் இடம் கொடுத்தால் எளிய படிவமே போதுமானதாக இருந்திருக்கும். கடைசி 100 யூனிட்டுக்காக அவ்வளவு சுமை. பணம் அவசரம் என்றால் வேறு விஷயம்.

ஆதாயம் பெரிதாக இருந்து, பணம் ஏப்ரலில் வந்தால், முன்கூட்டிய வரியை எப்போது கட்டுவது?

மார்ச் 31க்குள். மார்ச் 15 தவணைக்குப் பின் எழுந்த ஆதாயத்துக்கான வரியை மார்ச் 31க்குள் கட்டினால் தவணைத் தாமத வட்டி இல்லை. ஆனால் விற்ற பணம் கைக்கு வந்திருக்காது. வேறு கையிருப்பில் இருந்துதான் கட்ட வேண்டும். நிதியாண்டின் கடைசி நாள்களில் பெருந்தொகைக்கு விற்பவர் இதை முன்பே யோசித்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு வரியே இல்லாததால் இந்தக் கவலை இல்லை.

வீட்டு வரவு செலவை நானே எழுதுகிறேன். இந்த விற்பனையை எந்தத் தேதியில், எப்படி எழுதுவது?

இரண்டு பதிவாக. ஒரே பதிவாக ஏப்ரல் 3இல் எழுதினால் மார்ச் 31 நிலவரத்தில் விற்ற யூனிட்டுகள் இன்னும் இருப்பதாகக் காட்டும். மார்ச் 28இல் எழுதினால் வராத பணம் வங்கியில் இருப்பதாகக் காட்டும். இரண்டும் பொய்.

இடையில் ‘ஃபண்ட் தர வேண்டியது’ என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 28: ஃபண்ட் கணக்கில் இருந்து 750 யூனிட், வாங்கிய விலையான 44,000 வெளியே. நீண்டகால லாபம் 13,400. எதிர்ப்பக்கம் ஜூலைத் தொகுதியின் விலை நஷ்டம் 400, எக்ஸிட் லோடு 76, பரிவர்த்தனை வரி 57 காசு, மிச்சம் 56,923.43 ‘தர வேண்டியது’ கணக்கில். கூட்டினால் இருபுறமும் 57,400. ஏப்ரல் 3: வங்கியில் 56,923.43 வரவு, ‘தர வேண்டியது’ பூஜ்யம்.

அந்த இடைக்கணக்கு ஒரு காவலாளி மாதிரி. மூன்று வேலை நாள் கழித்தும் அதில் ஏதாவது நின்றால், பணம் வரவில்லை அல்லது நீங்கள் எதையோ தவறாகக் கழித்திருக்கிறீர்கள். நிற்கும் எண்ணே எது என்று சொல்லிவிடும். 57 காசு நின்றால் பரிவர்த்தனை வரியை மறந்திருக்கிறீர்கள். 76 நின்றால் எக்ஸிட் லோடு. ஆயிரக்கணக்கில் நின்றால் என்ஏவி தேதியே தவறு, 3 மணி விதியைப் பாருங்கள்.

வங்கி அறிக்கையில் எந்த வரவு எந்த விற்பனைக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே வாரத்தில் மூன்று ஃபண்ட் விற்றேன்.

தொகையை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்து அல்ல. காசு வரை பொருந்தும் தொகை தற்செயலாக அமைவது அரிது. அனுப்பியவர் பெயராகச் சில வரவுகளில் ஃபண்டின் பெயர் வரும். டீமேட் வழியாக விற்றிருந்தால் பங்குச் சந்தையின் தீர்வு நிறுவனத்தின் பெயர் வரலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு திட்டங்களை ஒரே நாளில் விற்றாலும் வழக்கமாகத் தனித்தனி வரவாகவே வரும். பொருந்தியதும் அந்த வரவின் யுடிஆர் எண்ணை, அதாவது வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணை, உங்கள் பதிவில் எழுதி வையுங்கள். பிறகு யாரிடமாவது கேட்க நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆண்டுத் தகவல் அறிக்கையில் விற்பனை 57,000 என்று இருக்கிறது, என் கணக்கில் 56,924. எதை மாற்றுவது?

வித்தியாசம் சரியாக 76 என்றால் எதையும் மாற்ற வேண்டாம். அவர்கள் கட்டணம் கழிக்காத தொகையைக் காட்டியிருக்கிறார்கள். 57,000ஐ விற்பனை மதிப்பாகக் காட்டி 76ஐ விற்பனைச் செலவாகக் கழித்தாலும் அதே 12,924 வரும்.

வேறு தொகைகளில் வித்தியாசம் இருந்தால் முதலில் பதிவாளர் அறிக்கை முழுமையா என்று பாருங்கள். இந்தியாவில் ஃபண்ட் நிறுவனங்களின் கணக்கைப் பெரும்பாலும் கேம்ஸ், கேஃபின்டெக் என்ற இரண்டு பதிவாளர்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவரின் மூலதன ஆதாய அறிக்கையில் மற்றவரின் ஃபண்டுகள் விட்டுப்போயிருக்கலாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தாக்கல் செய்து, பிறகு நோட்டீஸ் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுத் தகவல் அறிக்கையே தவறாக இருந்தால் அந்தத் தளத்திலேயே மறுப்பைப் பதிவு செய்யலாம்.

நான்கு வேலை நாள் ஆகியும் பணம் வரவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் காரணம் ஃபோலியோவில் இருக்கும் வங்கிக் கணக்கு. மூடிய கணக்கு, செயலற்றுப் போன கணக்கு, வங்கிகள் இணைந்தபின் மாறிய ஐஎஃப்எஸ்சி எண், இப்படி ஏதாவது. அனுப்பிய பணம் திரும்பிப் போயிருக்கும். வங்கி உங்களுக்கு எதுவும் சொல்லாது. பதிவாளரிடம் ‘பணம் அனுப்பப்பட்டதா, யுடிஆர் எண் என்ன, திரும்பி வந்ததா’ என்ற மூன்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். அண்மையில் வங்கிக் கணக்கை மாற்றியிருந்தால், மோசடியைத் தடுக்கவென்று சில நாள் நிறுத்தி வைப்பதும் உண்டு.

தவறு ஃபண்ட் நிறுவனத்தின் பக்கம் என்றால், மூன்று வேலை நாள் வரம்புக்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி தர வேண்டும். மேலே பார்த்த 56,923.43 ரூபாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 ரூபாய் 39 காசு. அந்த வட்டி மூலதன ஆதாயத்தில் சேராது, பிற வருமானம். நிறுவனம் பதில் தராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம்.

ஒரு ஃபண்டில் இருந்து அதே நிறுவனத்தின் இன்னொரு ஃபண்டுக்கு மாற்றினேன். வங்கிக்குப் பணமே வரவில்லை. இதற்கும் வரி உண்டா?

உண்டு. மாற்றுவது என்பது ஒன்றை விற்று மற்றொன்றை வாங்குவது. எக்ஸிட் லோடு, பரிவர்த்தனை வரி, மூலதன ஆதாயம் எல்லாம் விற்பனைக்கு இருப்பதுபோலவே. மாதாமாதம் தானாக மாற்றும் எஸ்டிபியும் இப்படித்தான், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு விற்பனை. வங்கி அறிக்கையை வைத்துக் கணக்கெழுதுபவரின் கண்ணுக்கு இவை ஒருபோதும் படாது.

நான் விற்றது லிக்விட் ஃபண்ட். இதே விதிதானா?

தேதிகளும் விகிதங்களும் வேறு. பணம் வழக்கமாக அடுத்த வேலை நாளிலேயே வந்துவிடும். பரிவர்த்தனை வரி கிடையாது. எக்ஸிட் லோடு முதல் ஆறு நாளுக்கு மட்டும். ஒரே நாளில் வெளியேறினால் 0.0070 சதவீதம், லட்சத்துக்கு ஏழு ரூபாய். பிறகு நாளுக்கு நாள் குறைந்து ஏழாம் நாளில் இல்லாமல் போகும். லிக்விட் உள்ளிட்ட கடன் ஃபண்டுகளில் 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய யூனிட்டுகளை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் ஆதாயம் குறுகியகாலமே. உங்கள் வருமான அடுக்குக்குரிய விகிதத்தில் வரி. விற்ற நாளின் ஆண்டுதான் என்பதில் மட்டும் மாற்றமில்லை.